புதுப்பிப்பு: பாடத்திட்டப் பக்கப் படத்திலிருந்து 40 நிமிடப் பாடக்குறிப்பு

நான் முன்பு இங்கே கேட்டது: “பாடத்திட்டப் பக்கத்தை போட்டோ எடுத்திருக்கேன். மூணாம் வகுப்பு, பின்னங்கள். 40 நிமிஷத்தை எப்படிப் பிரிக்கறது?”

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. தண்டையார்பேட்டை டீச்சர் சொன்னதுதான் பலித்தது: ஒரே ஒரு கற்றல் விளைவை எடுத்து, கடைசி மதிப்பீட்டை முதலில் எழுதிவிட்டுப் பின்னோக்கி வருவது. அறிமுகம் 5, காகித மடிப்பு 15, ஜோடி வேலை 10, மதிப்பீடு 5. மீதி 5 தாள் கொடுத்து வாங்கவே போய்விடும்.

கூகுள் லென்ஸில் எழுத்தை எடுக்கச் சொன்ன தம்பி பாதி சரி. தமிழ் வரிகள் வந்தன. ½ மட்டும் 12 ஆகிவிட்டது. எண்களைப் படத்தோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். ராயபுரம் அண்ணன் கேட்ட பல வகுப்பு ஒரே அறைக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

எதிர்பாராதது: செவ்வகத் தாளைக் குறுக்கே மூலைக்கு மூலை மடித்தவர்கள், ஓரம் பொருந்தாததால் “இது அரை இல்ல மிஸ்” என்றார்கள். கோட்டில் வெட்டி, ஒரு துண்டைத் திருப்பி மற்றதன்மேல் வைத்ததும் பொருந்தியது. ஆனால் மடிப்பு 20 நிமிடமானது. சதுரத் தாள் கொடுத்தால் இந்தச் சிக்கல் வராது. சீக்கிரம் முடிக்கிற ஜோடிகளுக்கு என்ன தருவது என்பது இன்னும் தீரவில்லை.