விமான நேரத்தை மாற்றிவிட்டார்கள், பணம் கேட்கலாமா? உங்கள் அனுபவம் என்ன?

சிகாகோவாசி

டிசம்பர் 12 அன்று சிகாகோவிலிருந்து சென்னைக்கு ஆகஸ்டிலேயே டிக்கெட் போட்டிருந்தேன். வளைகுடாவில் ஒரே ஒரு நிறுத்தம், அங்கே ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான காத்திருப்பு. 14-ஆம் தேதி அதிகாலை 2.40-க்குச் சென்னையில் இறங்கி, வெளிச்சம் வருவதற்குள் தஞ்சாவூர் ரோட்டைப் பிடித்துவிட வேண்டும் என்பது கணக்கு. அன்று மாலை அக்கா மகள் நிச்சயதார்த்தம்.

அக்டோபரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. "உங்கள் பயணத் திட்டத்தில் மாற்றம்" என்று தலைப்பு, கீழே பச்சை நிறத்தில் "ஏற்கிறேன்" பொத்தான். சிகாகோ விமானத்தில் மாற்றம் இல்லை. சென்னைக்குப் போகும் இரண்டாவது விமானத்தை மட்டும் நள்ளிரவுக்கு அப்பால் தள்ளிவிட்டார்கள். இப்போது சென்னையில் இறங்குவது காலை 8.20. இடையில் ஏழு மணி நேரம் விமான நிலையத்தில் உட்கார வேண்டும்.

கஸ்டமர் கேரில் ஒருவர் "ரீஃபண்ட் வராது மேடம், இது சின்ன மாற்றம்தான்" என்றார். இன்னொருவர் "தேதியை இலவசமாக மாற்றித் தருகிறோம்" என்றார். பொத்தானை இன்னும் அழுத்தவில்லை. இந்த மாதிரி நடந்தவர்கள் என்ன செய்தீர்கள்?

எடிசன் தம்பி

அக்கா, அழுத்தாமல் இருந்தது நல்ல வேலை. அமெரிக்காவில் இப்போது சட்டமே இருக்கிறது. 2024 அக்டோபர் கடைசியில் நடைமுறைக்கு வந்தது. சர்வதேசப் பயணத்தில் 6 மணி நேரம் மாறினால் முழுப் பணமும் தர வேண்டும். உங்களுக்குக் காத்திருப்பே ஏழு மணி நேரம் ஆகிறதே, கண்ணை மூடிக்கொண்டு ரீஃபண்ட் கேளுங்கள். எனக்குப் போன வருஷம் அப்படித்தான் கொடுத்தார்கள்.

தி.நகர் ஏஜென்ட்

டிக்கெட் போடுவதே என் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

தம்பி சொன்ன 6 மணி நேரம் சரிதான். ஆனால் எதை அளப்பது என்பதில் பிசகிவிட்டார். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை விதியில் இடையில் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்பது கணக்கிலேயே வராது. புறப்படும் ஊரிலிருந்து 6 மணி நேரமோ அதற்கு மேலோ முன்னதாகக் கிளம்ப வேண்டும், இல்லையென்றால் போய்ச் சேரும் ஊரில் அதே அளவு தாமதமாக இறங்க வேண்டும். அமெரிக்காவுக்குள்ளேயே பறப்பதென்றால் 3 மணி நேரம். நேரம் மாறாவிட்டாலும், ஒரு நிறுத்தம் இருந்த இடத்தில் இரண்டு நிறுத்தம் ஆக்கினாலோ, கிளம்பும் அல்லது இறங்கும் விமான நிலையத்தை மாற்றினாலோ, கீழ் வகுப்பில் தள்ளினாலோ பணம் கேட்கலாம்.

மேடத்துக்குப் பழைய வரவு 2.40, புதியது 8.20. வித்தியாசம் 5 மணி 40 நிமிடம். இருபது நிமிடத்தில் தப்பித்துக்கொண்டார்கள். இன்றைய நிலையில் சட்டப்படி ரீஃபண்ட் உரிமை இல்லை.

ஆனால் இலவச மாற்றம் வேறு விஷயம். அது சட்டத்திலிருந்து வருவதில்லை, நிறுவனத்தின் சொந்த விதியிலிருந்து வருகிறது. எங்கள் பக்கம் இதை "இன்வாலண்டரி ரீ-இஷ்யூ" என்போம். நேரத்தை மாற்றியது நிறுவனம் என்பதால் மாற்றுக் கட்டணமும் கிடையாது, கட்டண வித்தியாசமும் கிடையாது, அதே பணத்தில் வேறு விமானத்தில் ஏற்றுவார்கள். எத்தனை நிமிடம் மாறினால் இது கிடைக்கும், எத்தனை நாள் முன்பின் போகலாம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பொதுவாக 6 மணி நேரத்துக்கு வெகு கீழேயே இருக்கும்.

போன் பண்ணும்போது "ஏதாவது பண்ணுங்க" என்று கேட்காதீர்கள். முதலில் நீங்களே அந்த நிறுவனத்தின் தளத்தில் 11-ஆம் தேதிக்குத் தேடுங்கள், இடம் இருக்கும் விமானத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு, "இந்த எண்ணில் மாற்றுங்கள்" என்று கேளுங்கள். எதிரில் இருப்பவருக்குத் தேடும் வேலை மிச்சம், உங்களுக்கு "இடம் இல்லை" என்ற பதில் மிச்சம்.

இன்னொன்று. ரீஃபண்ட் கேட்பதற்கு முன் இன்றைய டிக்கெட் விலையைப் பாருங்கள். ஆகஸ்டில் கட்டிய பணம்தான் திரும்ப வரும். டிசம்பர் விலைக்குப் புது டிக்கெட் வாங்குவது உங்கள் பாடு. பள்ளி விடுமுறை நேரத்தில் பணத்தை வாங்கிக்கொண்டு முழித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மதுரை பொண்ணு

எனக்கும் இதே கொடுமை. சென்னையிலிருந்து மதுரை விமானம் நாலு மணி நேரம் லேட். ஏர்போர்ட்டில் ஒரு சாண்ட்விச் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். துபாயிலிருந்து வந்த டிக்கெட் தனி, மதுரை டிக்கெட் தனி. இவர்களிடமும் பணம் கேட்க முடியுமா?

தி.நகர் ஏஜென்ட்

அது அன்றைய தாமதம்மா, நேர மாற்றம் இல்லை. இரண்டுக்கும் இந்தியாவிலேயே விதி வேறு. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரக விதிப்படி, உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்றால்தான் மாற்று விமானமா முழுப் பணமா என்று உங்களைக் கேட்க வேண்டும். நாலு மணி நேரத்துக்குச் சாண்ட்விச்தான்.

தனித்தனி டிக்கெட் என்பதால் ஒரு எச்சரிக்கை. துபாய் விமான நேரத்தை மாற்றி, அதனால் மதுரை விமானம் போனால் மதுரை நிறுவனம் பொறுப்பேற்காது. ஒரே பிஎன்ஆரில் இருந்தால் கதை வேறு.

ஃபிராங்க்ஃபர்ட் மாமா

எங்கள் ஊர்ச் சட்டம் இதைவிடத் தாராளம், கேட்டுக்கொள்ளுங்கள். போன கோடையில் நான் சென்னைக்குப் போட்டிருந்த விமானத்தை ஒன்றரை மணி நேரம் முன்னுக்கு இழுத்தார்கள். "முன்னாடி போறது நல்லதுதானே" என்று நான் விட்டுவிடவில்லை. 2021 டிசம்பர் 21 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னதாகக் கிளப்பினால் அந்த விமானத்தை ரத்து செய்ததாகவே கொள்ள வேண்டும் என்று. ரத்து என்றால் பணத்தைத் திரும்ப வாங்குவதா, மாற்று விமானமா என்று தேர்ந்தெடுப்பது பயணிதான். அதைச் சுட்டிக்காட்டி எழுதினேன், கட்டணம் வாங்காமல் மறுநாள் விமானத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள்.

தள்ளிப்போட்டால் இவ்வளவு வலு இல்லை. மூன்று மணி நேரத்துக்குள் தள்ளி வைத்து, வேறு எதையும் மாற்றாவிட்டால் அது ரத்து ஆகாது என்றும் அதே நாளில் வந்த தீர்ப்பே சொல்கிறது.

எடிசன் தம்பி

மாமா, அப்போ 600 யூரோ நஷ்ட ஈடும் வந்திருக்குமே?

ஃபிராங்க்ஃபர்ட் மாமா

வராது. 14 நாளைக்கு முன்னாலேயே சொல்லிவிட்டால் நஷ்ட ஈடு கிடையாது. எனக்கு ஒன்றரை மாதம் முன்பே சொல்லிவிட்டார்கள். ஆனால் ஒரு சூட்சுமம் உண்டு. நிறுவனம் இடைத்தரகர் தளத்துக்கு மட்டும் சொல்லி, அந்தத் தளம் உங்களுக்குச் சொல்லாமல் விட்டால், "நாங்கள் சொல்லிவிட்டோமே" என்று நிறுவனம் தப்பிக்க முடியாது. பயணிக்கு எப்போது தெரிந்தது என்பதே கணக்கு. சிகாகோ அம்மாவுக்கு இதில் எதுவும் உதவாது. ஐரோப்பாவிலிருந்து கிளம்பினால்தான், இல்லையென்றால் ஐரோப்பிய நிறுவனத்தில் ஐரோப்பாவுக்குப் போனால்தான் இந்தச் சட்டம்.

சிகாகோவாசி

ஒரு திருப்பம் வந்திருக்கிறது. ஏஜென்ட் சார் சொன்னபடி 11-ஆம் தேதிக்கு மாற்றக் கேட்டேன், அந்த விமானத்தில் இடம் இல்லையாம். சரி, யோசிப்போம் என்று விட்டேன். நவம்பர் ஆரம்பத்தில் இன்னொரு மின்னஞ்சல். "உங்கள் விமானம் 45 நிமிடம் மாற்றப்பட்டுள்ளது." இப்போது சென்னையில் இறங்குவது 9.05.

போன் பண்ணினால், "45 நிமிடத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது" என்று ஒரே பல்லவி.

தி.நகர் ஏஜென்ட்

மேடம், அவர்கள் 8.20-லிருந்து எண்ணுகிறார்கள். நீங்கள் 2.40-லிருந்து எண்ணுங்கள். 9.05 என்றால் 6 மணி 25 நிமிடம். விதியில் இருப்பது முதலில் போட்ட நேரத்தோடு ஒப்பிடும் கணக்கு. முந்தைய மின்னஞ்சலோடு ஒப்பிடுவது இல்லை. முதல் மாற்றத்தை நீங்கள் ஏற்கவில்லை, அதனால் உங்கள் டிக்கெட் இன்னும் பழைய நேரத்தில்தான் நிற்கிறது. ஆகஸ்டில் வந்த இ-டிக்கெட்டையும் இப்போதைய மின்னஞ்சலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, இரண்டு வரவு நேரத்தையும் எழுதி, புதிய விமானம் வேண்டாம், ரீஃபண்ட் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அவர்களுடைய தளத்தில் ரீஃபண்ட் படிவம் இருந்தால் அதில் போடுங்கள். வவுச்சர் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம், கட்டிய வழியிலேயே பணமாகத் தர வேண்டும்.

யாரிடம் கேட்பது என்பதற்கு உங்கள் கார்டு ஸ்டேட்மெண்டைப் பாருங்கள். விமான நிறுவனத்தின் பெயர் இருந்தால் அவர்கள் தர வேண்டும். டிக்கெட் தளத்தின் பெயர் இருந்தால் அந்தத் தளம்தான் தர வேண்டும். நிறுவனமும் தளமும் ஒருவரை ஒருவர் காட்டுவது வழக்கம், ஸ்டேட்மெண்டில் இருக்கும் பெயர்தான் பதில்.

சிகாகோவாசி

தளத்தின் பெயர்தான் இருக்கிறது.

தி.நகர் ஏஜென்ட்

அப்போ தளத்திடம் கேளுங்கள். கிரெடிட் கார்டுக்கு 7 வேலை நாள், மற்ற வழிகளில் கட்டியிருந்தால் 20 நாள். ஆனால் தளம் கொடுக்கும் இடத்தில் இந்தக் கடிகாரம் நீங்கள் கேட்ட நாளிலிருந்து ஓடாது. "இவருக்குப் பணம் சேர வேண்டும்" என்று விமான நிறுவனம் தளத்துக்கு உறுதி சொன்ன பிறகுதான் ஓடும். இழுபறி எல்லாம் அந்த இடைவெளியில்தான். தளத்தின் சேவைக் கட்டணத்தை முன்பே தெளிவாகச் சொல்லி வாங்கியிருந்தால் அதைப் பிடித்துக்கொள்வார்கள், அதற்காகச் சண்டை போட வேண்டாம்.

எடிசன் தம்பி

ஒரு சந்தேகம் சார். அக்கா முதல் மின்னஞ்சலிலேயே "ஏற்கிறேன்" அழுத்தியிருந்தால்? அப்போ 8.20-தானே அடிப்படை?

தி.நகர் ஏஜென்ட்

நிறுவனம் அப்படித்தான் வாதாடும். புது நேரத்தில் டிக்கெட் ரீ-இஷ்யூ ஆகிவிட்டதால் அதுதான் ஒப்பந்தம் என்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பயணிக்கு அதையும் மீறிப் பணம் வந்தது, இன்னொருவருக்கு வரவில்லை. அதனால் எங்கள் அலுவலகத்தில் கிளையண்ட் கேட்காமல் யாரும் அந்தப் பொத்தானைத் தொடுவதில்லை.

சிகாகோவாசி

தளத்துக்கு எழுதிவிட்டேன், இரண்டு நேரங்களையும் இணைத்து. "நிறுவனத்திடம் கேட்டுச் சொல்கிறோம்" என்று பதில். அதற்குள் வேறு நிறுவனத்தில் 11-ஆம் தேதிக்கு ஒரு இருக்கை பார்த்து வைத்திருக்கிறேன், பழைய விலையைவிட 180 டாலர் கூடுதல். பணம் வருவதற்கு முன் அதை வாங்கிவிடலாமா, காத்திருக்கலாமா?

ஃபிராங்க்ஃபர்ட் மாமா

நிச்சயதார்த்தம் உங்களுக்காகக் காத்திருக்காதம்மா. வாங்கிவிடுங்கள்.

தி.நகர் ஏஜென்ட்

வாங்குங்கள், ஆனால் 24 மணி நேரத்துக்குள் கட்டணமில்லாமல் ரத்து செய்யலாம் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அமெரிக்காவில் கிளம்புவதற்கு ஏழு நாளுக்கு மேல் இருந்து, நேரடியாக விமான நிறுவனத்திடம் போடும் டிக்கெட்டில் அந்த வசதி கிடைக்கும். அந்த ஒரு நாளில் தளத்திடமிருந்து பதிலைப் பிடுங்கப் பாருங்கள். பழைய டிக்கெட்டை நீங்களாக "கேன்சல்" அழுத்தி ரத்து செய்துவிடாதீர்கள். அது நீங்களாகவே விட்டதாகப் பதிவாகி, அபராதம் போட்டுத்தான் மீதி வரும்.