புதுப்பிப்பு: எக்ஸ்ஃபேட் வட்டு விண்டோஸில் தெரியாத சிக்கல்

முன்பு நான் கேட்டது: "லினக்ஸில் எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மெட் செய்த வெளிவட்டு, கோயில் அலுவலக விண்டோஸ் கணினியில் ஏன் திறக்கவில்லை?"

சுங்கை சிப்புட் தோட்டக் கோயிலின் திருவிழாக் காணொளிகள் அதில் உள்ளன. ஃபேட்32 போதும் என்றார் ஒரு தம்பி. அது எங்கும் திறக்கும் என்பது சரிதான், ஆனால் 4 ஜிபி அளவை எட்டும் ஒற்றைக் கோப்பை அது ஏற்காது, எங்கள் தேர் ஊர்வலக் கோப்போ 11 ஜிபி.

காரணத்தைக் கண்டவர் கணினி பழுதுபார்க்கும் அண்ணன். கோப்பு முறைமை எக்ஸ்ஃபேட்டாக மாறியிருந்தாலும், வட்டின் பகுதிகளைக் குறித்து வைக்கும் ஜிபிடி பட்டியலில் அந்தப் பகுதியின் வகை "Linux filesystem" என்றே இருந்ததால், விண்டோஸ் அதற்கு D:, E: போன்ற வட்டு எழுத்தை ஒதுக்கவில்லை. `lsblk` மூலம் வட்டின் பெயரை இருமுறை சரிபார்த்து, வட்டை அன்மவுண்ட் செய்தபின், வகையை மட்டும் விண்டோஸ் ஏற்கும் 0700-க்கு மாற்றினோம்:

```
sudo sgdisk -t 1:0700 /dev/sdb
```

கோப்புகள் அழியவில்லை, கழற்றிச் செருகியதும் விண்டோஸில் திறந்தது. நகல் இல்லாமல் இதைச் செய்ய எனக்குத் துணிவிருந்திருக்காது.

எக்ஸ்ஃபேட்டில் மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் ஜர்னல் இல்லாததால், முறைப்படி வெளியேற்றாமல் வட்டைப் பிடுங்க வேண்டாம் என்றும் அண்ணன் வற்புறுத்தினார். தம் தொலைக்காட்சியில் எக்ஸ்ஃபேட் தெரியவில்லை என்ற அக்காவின் கேள்விக்கு இன்னும் விடையில்லை.