பெற்றோருக்குத் தனிப் பாலிசியா, குடும்ப ஃப்ளோட்டரா?

தக்கலை: எனக்கு 38 வயது, மனைவிக்கு 35, மகளுக்கு 8. அப்பாவுக்கு 67 வயது, சர்க்கரை நோய் உண்டு, அம்மாவுக்கு 63. ஐவரும் ஒரே தொகையைப் பகிரும் 10 லட்ச ரூபாய் மருத்துவக் காப்பீட்டு ஃப்ளோட்டரில் சேர்ந்தால் ஆண்டு பிரீமியம் 78,000 ரூபாய். பிரித்து எடுத்தால் எங்கள் மூவருக்கு 10 லட்சத்துக்கு 18,000, பெற்றோருக்கு 5 லட்சத்துக்கு 42,000; ஆனால் பெற்றோர் பாலிசியில் க்ளெய்ம் தொகையில் 20 சதவீதத்தை நாமே கட்டும் கோ-பே உண்டு என்று முகவர் சொல்கிறார். எதை எடுப்பது?

மார்த்தாண்டம்: ஃப்ளோட்டரையே எடுங்கள். 18,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் பெற்றோருக்கு 5 லட்சத்துக்குப் பதில் 10 லட்சம் கிடைக்கிறது, கோ-பேயும் இல்லை.

நாகர்கோவில்: க்ளெய்ம் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் மறுக்கிறேன். ஃப்ளோட்டரின் பிரீமியம் பெரும்பாலும் மூத்த உறுப்பினரின் வயதை ஒட்டியே அமைகிறது. ஆகவே அப்பாவின் வயது ஏறும்போதெல்லாம் உங்கள் மகளுக்கான பாதுகாப்பின் விலையும் சேர்ந்தே ஏறும். மேலும் அந்த 10 லட்சம் ஐவருக்கும் பொதுவானது. அப்பாவின் சிகிச்சைக்கு 6 லட்சம் போய்விட்டால், தொகையை மீண்டும் நிரப்பும் வசதி பாலிசியில் இல்லாதபோது, புதுப்பிக்கும்வரை ஐவருக்கும் 4 லட்சமே மிஞ்சும். க்ளெய்ம் இல்லாததற்காகச் சேர்ந்த போனஸும் எல்லோருக்கும் சேர்த்தே குறையலாம்.

கோ-பே பற்றி மார்த்தாண்டம் நண்பர் சொல்வதில் உண்மை உண்டு. 3 லட்ச ரூபாய் க்ளெய்ம் வந்தால் 60,000 ரூபாயை உங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும், பிரித்து எடுப்பதால் மூன்று ஆண்டுகளில் மிச்சமாவதோ 54,000 ரூபாய். அதாவது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அப்படியொரு க்ளெய்ம் வந்தாலே, பணக் கணக்கில் ஃப்ளோட்டர் சற்று முந்திவிடும்.

குளச்சல்: என் அப்பா நான் வேலை பார்த்த நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் இருந்தார், தனியாக எதுவும் எடுக்கவில்லை. நான் வேலையை விட்டதும் அது நின்றுவிட்டது. 69 வயதில் புதிதாக எடுத்தபோது இரத்த அழுத்தத்துக்கு க்ளெய்ம் கிடைக்காத காத்திருப்புக் காலம் முதலிலிருந்து தொடங்கியது.

நாகர்கோவில்: தக்கலை நண்பர் கேட்பது குழுக் காப்பீடு பற்றியல்ல என்றாலும் காத்திருப்பு அவர் அப்பாவுக்கும் பொருந்தும். ஏற்கனவே உள்ள நோய்க்கு 2024 ஏப்ரல் முதல் அதிகபட்சக் காத்திருப்பு 36 மாதங்கள். விண்ணப்பத்தில் சர்க்கரையை மறைக்காதீர்கள். பழைய மருத்துவச் சீட்டில் ஒரு வரி இருந்தாலே க்ளெய்ம் மறுக்கப்படலாம். இன்னொன்று: ஃப்ளோட்டரில் கோ-பே இல்லை என்று எழுத்தில் பார்த்தீர்களா?

தக்கலை: இன்று விதிகளை வாங்கிப் படித்தேன். 61 வயதுக்கு மேல் புதிதாகச் சேர்பவருக்கு அதிலும் 20 சதவீதம் கோ-பே என்று எழுதியிருக்கிறது.

மார்த்தாண்டம்: அப்படியானால் நான் கோ-பே பற்றிச் சொன்னது நிற்காது. ஆனாலும் இதய அறுவை சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் போக நேர்ந்தால் பெற்றோர் இருவருக்கும் சேர்த்து 5 லட்சம் போதும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை; பெற்றோர் பாலிசியையே 10 லட்சத்துக்கு என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள்.