மரக்கறி விநியோக பிட்ச்: முதலீட்டாளர் ஏன் பதிலே போடவில்லை?

லீக்ஸ்கட்டு:
பேலியகொடையில் மரக்கறி வாங்கி வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடைகளுக்கு விடியற்காலையில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். இப்போது 6 கடைகள். பிட்சில் இருப்பது இதுதான்: "கொழும்பு உணவகங்கள் தரமான மரக்கறி கிடைக்காமல் தினமும் சிரமப்படுகின்றன. இலங்கை உணவுச் சந்தை மிகப் பெரியது, அதில் 1 சதவீதம் பிடித்தாலே போதும். எங்களுக்கு 8 சதவீதம் கமிஷன். வளர்ச்சிக்கு 2 முதல் 4 கோடி ரூபா தேவை." அனுப்பி மூன்று வாரமாகிறது, பதில் இல்லை. எங்கே பிழை?

கணக்குக்காரி:
தம்பி, முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். சிரமப்படுகின்றன என்று யார் சொன்னது?

லீக்ஸ்கட்டு:
12 கடை முதலாளிகளிடம் கேட்டோம் அக்கா. எல்லோரும் நல்ல ஐடியா என்றார்கள்.

கணக்குக்காரி:
நல்ல ஐடியா என்று சொல்ல அவர்களுக்குக் காசு செலவில்லை. நாளைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்காதீர்கள், போன செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்று கேளுங்கள். மரக்கறி வாங்க யார் போனது, எத்தனை மணிக்கு, போக்குவரத்துக்கு எவ்வளவு, அன்று எவ்வளவு குப்பைக்குப் போனது? முடிந்தால் பில்லையும் பாருங்கள். ஒரு முதலாளி இந்தத் தொல்லையைத் தீர்க்க ஏற்கெனவே கைக்காசு செலவழிக்கிறார் என்றால் அதுதான் ஆதாரம். மெனிங் மரக்கறிச் சந்தை 2020 கடைசியில் புறக்கோட்டையிலிருந்து பேலியகொடைக்குப் போனதால் உங்கள் பக்கத்துக் கடைகளுக்குத் தூரம் கூடியது உண்மை. ஆனால் அந்தத் தூரத்துக்கு யார் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பது உங்கள் பிட்சில் இல்லையே.

கடற்கரைவீதி:
அக்காவோடு எனக்கு உடன்பாடில்லை. கொழும்பில் காசு போடுபவர்கள் ஆளைப் பார்த்துத்தான் போடுகிறார்கள். ஆரம்பக் கட்டத்தில் எந்தக் கணக்கும் ஊகம்தான். கதையை உருக்கமாகச் சொல்லுங்கள், பெரிய சந்தையைக் காட்டுங்கள். தொகையையும் வீச்சாகச் சொல்வதே நல்லது, பேரம் பேச இடம் இருக்கும்.

கணக்குக்காரி:
ஆளைப் பார்ப்பார்கள் என்பது சரி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆளை எதை வைத்துப் பார்ப்பார்கள்? நான் சில வருடங்களாக இப்படி வரும் பிட்ச்களை வாசித்துக் கருத்துச் சொல்கிறேன். தன் வாடிக்கையாளர் ஒரு நாளைக்கு என்ன செலவழிக்கிறார் என்று தெரியாத ஒருவரை யாரும் இரண்டாம் முறை கூப்பிட்டதை நான் காணவில்லை.

2 முதல் 4 கோடி என்பது பேரம் ஆகாது. 2 கோடிக்கு ஒரு திட்டமும் 4 கோடிக்கு வேறு திட்டமும் இருக்க வேண்டும், இரண்டில் எது உங்களுடையது என்று வாசிப்பவருக்குத் தெரியாது. இரண்டுமே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்.

புடவைக்கடை:
எனக்குப் புறக்கோட்டையில் 22 வருடமாகக் கடை. மரக்கறி வாங்க எதற்கு முதலீட்டாளர்? வங்கியில் ஓவர்டிராஃப்ட் எடுங்கள். நானும் அப்படித்தான் சமாளித்தேன். வங்கிக்குக் கொடுக்கும் திட்டத்தை எப்படி எழுதுவது என்று யாராவது சொன்னால் எனக்கும் உதவியாக இருக்கும்.

லீக்ஸ்கட்டு:
ஐயா, பிணை வைக்க எங்களிடம் காணி இல்லை. அக்கா, நீங்கள் சொன்னபடி 5 கடைகளுக்குப் போய்க் கேட்டேன். மூன்று கடைகள் ஒவ்வொன்றும் ஒரு ஓட்டோக்காரருக்கு நாளுக்கு 2,500 ரூபா கொடுத்து மரக்கறி எடுப்பிக்கின்றன. அவர் வராத நாளில் பக்கத்துக் கடையில் சில்லறை விலைக்கு வாங்குகிறார்கள். மற்ற இரண்டிலும் முதலாளியே போகிறார். "தக்காளியை என் கையால் அமுக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டேன்" என்று ஒருவர் சொல்லிவிட்டார். தரம் மோசம் என்று ஒருவரும் குறைசொல்லவில்லை. எல்லாக் கடையிலும் ஏறத்தாழ 25,000 ரூபாவுக்கு ஒரு நாள் மரக்கறி போகிறது. பம்பலப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரை காலி வீதியில் நடந்தே எண்ணினேன், 46 கடைகள்.

கணக்குக்காரி:
இந்த ஒரு பதிவு உங்கள் பழைய பிட்ச் முழுவதையும்விடப் பெறுமதியானது. பிரச்சினை தரமில்லை, ஆள் நம்பிக்கையாக வருவதுதான். உங்கள் போட்டியாளர் அந்த ஓட்டோக்காரர். 25,000இல் 8 சதவீதம் 2,000 ரூபா, அவருக்குக் கொடுப்பதைவிட 500 குறைவு. முதல் ஸ்லைடில் இதையே எழுதுங்கள்.

இப்போது சந்தை. உங்களுக்கு வருவது கமிஷன் மட்டும்தான், கடை வாங்கும் முழுத்தொகையையும் வருமானமாகக் காட்டாதீர்கள். மாதம் 26 நாள் என்றால் ஒரு கடையில் 52,000 ரூபா. 5இல் 3 என்ற விகிதம் 46 கடைக்கும் பொருந்தும் என்று வைத்தால் 27 கடை வரும் (5 பேரிடம் கேட்டது போதாது, குறைந்தது 20 பேரிடமாவது கேளுங்கள்). மாதம் 14 இலட்சம், வருடத்துக்கு ஏறத்தாழ 1 கோடி 70 இலட்சம்.

கடற்கரைவீதி:
அதைத்தான் சொல்கிறேன்! வருடத்துக்கு 1 கோடி 70 இலட்சம் என்று காட்டினால் யார் காசு போடுவார்? போட்ட காசைப் பல மடங்காக எடுக்க வேண்டியவருக்கு இது ஒரு வீதிக் கடைக்கணக்கு.

கணக்குக்காரி:
இதில் நீங்கள் சொல்வது நியாயம். அது முதல் வீதி மட்டும்தான் என்று எழுதலாம், அடுத்து ஆஸ்பத்திரி கன்டீன்கள், கல்யாண மண்டபச் சமையல்காரர்கள் என்று போகலாம். ஆனால் ஒவ்வொன்றையும் இதேபோல எண்ணிய பிறகுதான் போடவேண்டும். எண்ணிய பிறகும் சிறிதாகவே இருந்தால் இது அப்படிப்பட்ட முதலீட்டாளருக்கான தொழிலில்லை. தம்பி, மாதச் செலவு எவ்வளவு?

லீக்ஸ்கட்டு:
லொறி, சாரதி, கொள்வனவுக்கு இரண்டு பேர், ஆப் வேலை எல்லாம் சேர்த்து 9 இலட்சம்.

கணக்குக்காரி:
அப்படியானால் 18 கடை வந்தால்தான் கைக்கும் வாய்க்கும் சரியாகும். 27இல் 18 என்றால் மூன்றில் இரண்டு கடையைப் பிடிக்க வேண்டும். 1 சதவீதம் போதும் என்று எழுதியதால் இது உங்கள் கண்ணிலேயே படவில்லை.

6இலிருந்து 18 கடைக்குப் போக 9 மாதம் வைத்தால், முதல் மாத நட்டம் ஏறத்தாழ 6 இலட்சம், அது மெல்லக் குறைந்து கடைசியில் இல்லாமல் போகும். மொத்தம் 27 இலட்சம் அளவில். பேலியகொடையில் கைக்காசு, கடைகளிலோ கடன், அப்படித்தானே? ஒரு வாரக் கடன் என்றால் 18 கடை, 6 நாள், இன்னுமொரு 27 இலட்சம் வெளியே நிற்கும். தாமதத்துக்கு 18 இலட்சம் சேர்த்தாலும் 72 இலட்சம். 2 கோடி எங்கிருந்து வந்தது?

புடவைக்கடை:
பிள்ளை, சாப்பாட்டுக் கடைக்காரரின் வாரக் கடன் உண்மையில் மூன்று வாரம். எனக்கு வரவேண்டிய காசை வைத்துச் சொல்கிறேன்.

கணக்குக்காரி:
ஐயா சொன்னது முக்கியம். மூன்று வாரம் என்றால் அந்த 27 இலட்சம் 81 ஆகிவிடும், மொத்தம் 1 கோடி 26 இலட்சம். தம்பி, உங்கள் 6 கடைகளும் சராசரியாக எத்தனை நாளில் காசு தருகின்றன?

கடற்கரைவீதி:
அப்படியென்றால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு காசு கடனில்தான் நிற்கப்போகிறது. அதற்காக நிறுவனத்தின் பங்கைக் கொடுப்பதா? முற்பணம் தரும் கடைக்கு 6 சதவீதம், கடன் கேட்டால் 8 என்று வையுங்கள்.

கணக்குக்காரி:
செய்து பார்க்கலாம். ஆனால் 6 சதவீதத்தில் ஒரு கடை தருவது 39,000தான். எல்லாரும் முற்பணம் தந்தால் 18 கடை 24 ஆகிவிடும், 27இல் 24. எனக்கு அது ஒத்துவராது போலத் தெரிகிறது.

லீக்ஸ்கட்டு:
கொப்பியைப் பார்த்தேன். நான்கு கடை 8, 9 நாளில் தருகின்றன. ஒன்று 19 நாள். மற்றது போன மாதம் 5ஆம் திகதிக்குப் பிறகு ஒன்றும் தரவில்லை, நாளைக் காலை நேரிலேயே போய்க் கேட்கிறேன்.