புதுப்பிப்பு: திரும்பி வந்த கிப்ஸ் சுழற்சிக் கட்டுரை

“கற்பித்தல் பயிற்சியில் நடந்த ஒரு சம்பவத்தை, விவரிப்பு, உணர்வுகள், மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, செயல்திட்டம் என்று ஆறு படியாக அனுபவத்தை அலசும் கிப்ஸ் சுழற்சியில் எழுதினேன். ‘வெறும் கதை’ என்று திருப்பிவிட்டார்கள். எங்கே தவறு?” என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன்.

திருத்திக் கொடுத்துவிட்டேன். 1500 சொல்லில் 900 விவரிப்புக்கே போயிருந்தது. இங்கே பதில் எழுதிய பயிற்றுநர் அக்கா சொன்னபடி அதை 200 ஆக்கினேன்.

சம்பவம் இதுதான்: ½ + ⅓ = ⅖ என்றாள் ஒரு ஏழாம் வகுப்பு மாணவி. ‘தப்பு’ என்றேன், வகுப்பு சிரித்தது. அப்புறம் அவள் வாய் திறக்கவில்லை. முன்பு பகுப்பாய்வில் சிரித்தவர்களைக் குறை சொல்லியிருந்தேன். உண்மையில் அவள் மேலே, கீழே உள்ளவற்றைத் தனித்தனி முழு எண்களாகக் கூட்டியிருக்கிறாள். நான் காரணமே கேட்கவில்லை. செயல்திட்டத்தில் “பொறுமையாக இருப்பேன்” போய், “⅖ அரையைவிடப் பெரிதா?” என்று முதலில் கேட்பேன் என்பது வந்தது.

உணர்வுகளே வேண்டாம் என்ற தம்பி சொன்னது பாதி சரி. நான்கு வரி வைத்தேன், என் பதற்றம்தானே அந்த அவசரத்துக்குக் காரணம்! இரண்டு சம்பவம் எழுதலாமா என்ற நர்சிங் தோழிக்கு இன்னும் பதில் தெரியவில்லை.