புறக்கோட்டைக் காப்புக் கடையில் கேட்ட விளக்கம்

வெள்ளவத்தையிலிருந்து ஓர் உறுப்பினர்:

சென்ற மாதம் என் பெறாமகள் ஒரு திருமண வீட்டுக்காகப் புறக்கோட்டையில் ஒரு டசின் பச்சைக் கண்ணாடிக் காப்பு வாங்கினாள். அணியும்போதே இரண்டு நொறுங்கின. அன்று மாலை கை தட்டியபோது மேலும் மூன்று போயின. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று அவள் உறுதியாக நம்பியதால், உடைந்த துண்டுகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு மறுநாள் இருவரும் அந்தக் கடைக்குப் போனோம். கடையில் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா இருந்தார்.

அவர் கோபப்படவில்லை. துண்டுகளை ஒரு தாளில் கொட்டி, ஒவ்வொன்றையும் மற்றொன்றோடு பொருத்தி வட்டமாக்கினார். பிறகு ஒரு முழுக் காப்பை எடுத்து, "கண்ணை மூடிக்கொண்டு இதை நகத்தால் ஒரு சுற்றுத் தடவிப் பார், மகள்" என்றார். அவள் தடவினாள். ஓரிடத்தில் நகம் மெல்ல ஏறி இறங்கியது.

"அதுதான் பொருத்து. இந்தியாவில் பிரோசாபாத் என்ற ஊரிலிருந்து வருகிற காப்பு இது. உலையிலிருந்து உருகிய கண்ணாடியை இழுத்து, சுழலுகிற உருளை ஒன்றில் சுருள் சுருளாகச் சுற்றுவார்கள். அந்தச் சுருளை நெடுக்காகக் கீறி வெட்டினால், வாய் திறந்த வளையங்கள் கிடைக்கும். பிறகு ஒவ்வொரு வாயையும் விளக்குச் சுடரில் காட்டி ஒட்டுவார்கள். அந்த ஓரிடம் மட்டும் சுட்டு ஆறுகிறபடியால், அங்கே கண்ணாடி தன்னையே இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும். உன்னுடைய ஐந்தில் மூன்று அங்கேதான் விட்டிருக்கிறது."

"அப்படியானால் குறை காப்பில்தானே, அம்மா?" என்று பெறாமகள் கேட்டாள்.

"பாதிதான். உன் கையைக் காட்டு." அவளுடைய கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, விரல் முட்டிகளின் அகலத்தை ஒரு மாதிரி வளையத்தால் அளந்தார். "உனக்கு இரண்டு ஆறு வேண்டும். நீ வாங்கியது இரண்டு நாலு." இந்த அளவைப் பலர் தசமம் என்று நினைக்கிறார்கள், ஆனால் இரண்டு நாலு என்பது இரண்டு அங்குலமும் பதினாறில் நாலு பங்கும், அதாவது சுமார் 57 மில்லிமீற்றர். இரண்டு ஆறு சுமார் 60. மூன்று மில்லிமீற்றர் என்பது சிறிய தொகையாகத் தோன்றினாலும், முட்டிகளைத் தாண்டும்போது வட்டம் நீள்வட்டமாகிறது, தட்டையாகும் பக்கங்களின் உட்புறம் இழுபடுகிறது. கண்ணாடி நசுக்கினால் நன்றாகத் தாங்கும், இழுத்தால் தாங்காது என்பதை அவர் ஈர்க்கை வைத்துச் சொன்னார்: பச்சை ஈர்க்கு வளைந்து கொடுக்கும், காய்ந்தது வளையாமல் முறியும், கண்ணாடி என்றுமே காய்ந்த ஈர்க்குத்தான்.

பிறகு, கண்ணாடியைவிட அரக்குக் காப்பு நீடிக்கும் என்று சொல்லி, உடைந்த அரக்குக் காப்பின் துண்டு ஒன்றை இடுக்கியில் பிடித்து மெழுகுதிரிக்கு மேலே காட்டினார். சில நொடிகளில் அதன் மினுக்கம் மாறி ஓரம் தளர்ந்தது. இரு முனைகளையும் சேர்த்து அழுத்தி விரலில் உருட்டியபோது உடைந்த இடம் ஒட்டிக்கொண்டது. "இலந்தை, புரசு மாதிரி மரக்கொப்பில் சிறு பூச்சிகள் விடுகிற பிசின் இது. மாவுக்கல் பொடியும் சாயமும் கலந்து, தணலில் காட்டிக் கம்பியாக உருட்டி, வளைத்து ஒட்டுவார்கள். கல் பதித்த சிலவற்றில் உள்ளே பித்தளை வளையமும் இருக்கும். கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்தால் அது வளர்ந்துகொண்டே போகும், திரும்பாது. அரக்கை மறுபடி சூடாக்கி மூடிவிடலாம். நீடிக்கிறது என்று நான் சொல்வது அதைத்தான், மகள். உடையவே உடையாது என்று சொல்லவில்லை."

கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் உறுப்பினர்:

அந்த அம்மா சொன்னதில் எனக்கு ஓர் ஐயம் உண்டு. கண்ணாடிக் காப்பு மெல்லியதாக இருப்பதால்தான் உடைகிறது என்றும், தடித்ததை வாங்கினால் போதும் என்றும் நான் எப்போதும் கேள்விப்பட்டிருக்கிறேன். மேலும், புதுக் காப்பை உப்பு நீரில் இட்டு மெல்லக் கொதிக்க வைத்து, அந்த நீரிலேயே ஆறவிட்டால் உறுதியாகும் என்று என் மாமியார் சொல்வார். நாங்கள் அப்படிச் செய்துதான் அணிகிறோம், குறைவாகவே உடைகிறது.

மட்டக்குளியிலிருந்து ஓர் உறுப்பினர்:

நான் கண்ணாடிப் போத்தல் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் 20 ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவன். தடிப்பைப் பற்றிச் சகோதரி சொன்னது ஓரளவுக்குச் சரியே. தடித்த காப்பு மோதலை நன்றாகத் தாங்கும். ஆனால் அளவு சிறுத்த காப்பை வலிந்து ஏற்றும்போது, அதே வளைவுக்குத் தடித்த வளையத்தின் மேற்பரப்பு கூடுதலாக இழுபடும் என்பதால், அங்கே தடிப்பு உதவாது.

கொதிநீர் பற்றி: கண்ணாடிக்குள் சிக்கிய இறுக்கம் தளர வேண்டுமானால், இந்த வகைக் கண்ணாடிக்குச் சுமார் 550 பாகை செல்சியஸ் வெப்பமும், அதிலிருந்து அவசரமின்றி ஆறுவதும் வேண்டும். போத்தல்களை நாங்கள் அதற்கென்றே நீண்ட ஆற்றுலை வழியாக ஊர விடுவோம். நீர் 100 பாகையில் கொதித்துவிடும், ஆகவே அது இறுக்கத்தைத் தொடாது. உங்கள் வீட்டில் குறைவாக உடைவதற்கு ஒரு காரணம் எனக்குத் தோன்றுகிறது. ஏற்கெனவே கீறல் விழுந்த காப்புகள் பானைக்குள்ளேயே விட்டுப்போயிருக்கலாம், மிஞ்சியவை நல்லவை.

உடைந்த முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஓர் ஓரத்தில் கண்ணாடி போலவே வழவழப்பான சிறு பகுதியும், அதைச் சுற்றி சொரசொரப்பும் தெரியலாம். வழவழப்பான இடமே விரிசல் தொடங்கிய இடம். பல வேளைகளில் அங்கே பக்கத்துக் காப்பு உரசிய தடம் இருக்கும். காற்றின் ஈரமும் அந்தத் தடத்துக்குள் புகுந்து விரிசலை மெல்ல வளர்க்கும் என்பதால், நம் ஊர்க் காலநிலை கண்ணாடிக்கு நல்லதன்று.

பம்பலப்பிட்டியிலிருந்து ஓர் உறுப்பினர்:

அரக்கு நீடிக்கும் என்பதை நம்பி ஐதராபாத்திலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த கல் பதித்த ஒரு சோடியை, நண்பகலில் பூட்டிய காரின் முன்பலகையில் விட்டுவிட்டேன். திரும்பி வந்தபோது இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக் கோணலாகிக் கிடந்தன, நான்கு கற்கள் சரிந்திருந்தன. காப்புகளின் மேல் வாசனைத் திரவியம் பட்டு மினுக்கமும் போய்விட்டது. முலாம் பூசிய காப்புக்கும் இப்படி ஆகுமா என்று யாராவது சொல்ல முடியுமா?

மட்டக்குளியிலிருந்து அதே உறுப்பினர்:

முலாம் பூசியது உலோகம், ஆகவே வெயிலுக்குத் தளராது. அரக்கு 70 பாகைக்கு அருகிலேயே இளகத் தொடங்கும், வெயிலில் நிற்கும் காரின் முன்பலகை அந்த அளவை நெருங்கிவிடும். மதுசாரத்தில் அரக்கு கரையும் என்பதால், வாசனைத் திரவியமும் கை சுத்திகரிப்புத் திரவமும் அதற்கு ஆகா.

கொட்டாஞ்சேனையிலிருந்து அதே உறுப்பினர்:

பானைக்குள் உடைந்தவற்றை நாங்கள் எண்ணியதே இல்லை, அடுத்த முறை எண்ணிப் பார்க்கிறேன். ஆனால் என் தாயாரின் கண்ணாடிக் காப்பு ஒன்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கையிலேயே இருக்கிறது. அதே டசினில் மற்ற பதினொன்றும் முதல் ஆண்டிலேயே போய்விட்டன. இதற்கு என்ன காரணம்?

வெள்ளவத்தையிலிருந்து முதல் உறுப்பினர்:

அதே கேள்வியை நானும் அந்தக் கடையில் கேட்டேன். அம்மா சிரித்துவிட்டு, "அதன் பொருத்து நன்றாக விழுந்திருக்கும், அல்லது அணிந்த கை நல்ல கையாக இருக்கும், எது என்று என்னால் சொல்ல முடியாது" என்றார்.

பெறாமகள் இரண்டு ஆறில் மீண்டும் கண்ணாடிக் காப்பே ஒரு டசின் வாங்கினாள். கொடுப்பதற்கு முன் அம்மா ஒவ்வொன்றையும் ஒரு விரலில் தொங்கவிட்டுப் பேனாவால் தட்டினார். பதினொன்று கணீரென்றன. ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தது. நாங்கள் மூவரும் விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தும் அதில் எதுவும் தெரியவில்லை. அவர் அதைத் தன் பெட்டிக்குள் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்துத் தந்தார்.