காட்ரிஜ்ஜுக்குச் சொல்: கலப்பானா, சமனியா?

மாங்குளத்திலிருந்து:
ஷவர் மிக்சருக்குள் இருக்கும் காட்ரிஜ்ஜுக்குத் தமிழ்ச்சொல் வேணும். குசினிப் பைப்பைத் திறந்ததும் ஷவர்த் தண்ணி சுடுறது அதாலதானே? 'தோட்டா' பொருந்துமோ?

வவுனியாவிலிருந்து:
தோட்டா வேண்டாம் தம்பி. வன்னிக் கடையில் அதைக் கேட்டால் கடைக்காரர் முழிப்பார். 'கலப்பான்' எண்டு எழுதுங்கோ. அது தேய்ஞ்சால் சூடு தாவும், புதுசு போட்டால் சரி.

கிளிநொச்சியிலிருந்து:
சொல் நல்லம் அண்ணை, காரணம் பாதிதான் சரி. ஒற்றைப்பிடி மிக்சரில் இருப்பது இரண்டு செராமிக் தட்டுகள். பிடி நிற்கிற அளவுக்குத் துளை திறக்கும், அவ்வளவுதான். குழாயில் அமுக்கம் குறைஞ்சதை அது அறியாது. நிமிடத்துக்கு 60 பாகைச் சுடுதண்ணி 3 லீற்றரும் 28 பாகைக் குளிர்தண்ணி 4 லீற்றரும் கலந்தால் ஏறக்குறைய 42 பாகை. குசினிப் பைப் குளிர்ப்பக்கத்தை 2 லீற்றராக்கினால் 47 பாகை ஆகிவிடும். புதுக் கலப்பானும் இதையே செய்யும்.

வாளியை வைத்துப் பாருங்கோ. பிடியை முழுக்கக் குளிருக்குத் திருப்பி 10 லீற்றர் நிரம்புகிற நேரத்தை எடுங்கோ. குசினிப் பைப்பைத் திறந்துவிட்டு இன்னொருதரம் எடுங்கோ. நேரம் நீண்டால் இரண்டுக்கும் ஒரே குழாய். வேறொன்றும் திறக்காமலே சுடுபக்கம் மட்டும் மெதுவாக வந்தால், எங்கட கிணற்றுத் தண்ணியின் சுண்ணாம்பு எங்கேயோ அடைச்சிருக்கு. அப்போதுதான் காட்ரிஜ்ஜைக் கழற்ற வேணும்.

முல்லைத்தீவிலிருந்து:
எங்கட வீட்டில் மறுபக்கமாய் நடக்குது. மற்றப் பைப்பைத் திறந்தால் ஷவர் சட்டெண்டு குளிருது. உடனே சூடாக்குகிற சின்ன ஹீட்டர்.

கிளிநொச்சியிலிருந்து:
அது வேற கதை அக்கா. ஓட்டம் குறைஞ்சால் அந்த ஹீட்டர் தானே நிண்டுவிடும். மிக்சரில் பிழையில்லை.

சொல்லுக்கு வருவம். இருபக்க அமுக்கத்தைப் பார்த்து உள்ளே ஒரு சிறு ஆடுதண்டு நகருகிற காட்ரிஜ்ஜும் இருக்கு. குளிர்ப்பக்க அமுக்கம் குறைஞ்சால் சுடுபக்கத்தையும் அது நெருக்கும். அதுக்கு 'அமுக்கச் சமனி' எண்டு வைப்பம், சாதாரணமானது 'கலப்பான்'. சுண்ணாம்பு பிடிச்சால் ஆடுதண்டு இறுகும், பிறகு அது வெறும் கலப்பான்தான்.

ஆனால் மேல்தாங்கி வீடுகளில் சமனியை நம்பி வாங்காதேங்கோ. தாங்கித் தண்ணி ஷவர்த் தலைக்கு 3 மீற்றர் மேல எண்டால் அமுக்கம் 0.3 பார்தான். எத்தனையோ சமனிகளுக்கு அது காணாது. பெட்டியில் குறைந்த அமுக்கம் எவ்வளவெண்டு பாருங்கோ. முதல் வேலை, தாங்கியிலிருந்து ஷவருக்கெண்டு தனிக் குளிர்க்குழாய், குளியலறைவரை முக்கால் இஞ்சி. ஹீட்டருக்கும் அதே தாங்கியிலிருந்துதான் தண்ணி போகவேணும். குளிரை மோட்டரிலும் சுடுதண்ணியைத் தாங்கியிலும் எடுத்தால், குளிர் மிக்சருக்குள்ளால் சுடுகுழாய்க்குள் தள்ளும்.

வவுனியாவிலிருந்து:
சமனி சரி. ஆனால் 'அமுக்கம்' ஏன்? இந்தியாக்காரர் 'அழுத்தம்' எண்டல்லோ எழுதுகினம்.

மாங்குளத்திலிருந்து:
இங்க பள்ளிப் புத்தகத்தில் அமுக்கம்தான் ஐயா. ரெண்டையும் போடுவமோ? தெர்மோஸ்ரற் உள்ளதுக்கும் ஒரு சொல் வேணும். அது அமுக்கத்தை அல்ல, சூட்டைப் பார்க்கிறது.